கிரய உடன்படிக்கையும் கிரய சாசனமும்: நிலம் எப்பொழுது வாங்கியவருக்குச் சொந்தமாகிறது?

கூட்டுறவுச் சங்கங்களின் கடன் மனுக்களைப் பரிசீலனை செய்யும்போது, ஈடாகக் காட்டப்படும் பத்திரங்களுள் ஒருவகைக் காகிதம் நம் கையில் அடிக்கடி வந்து சேருகிறது. முத்திரைத் தாளில் எழுதி, இருவர் கையொப்பமிட்டு, சாட்சிகளும் ஒப்பமிட்டிருப்பார்கள். மனுதாரரைக் கேட்டால், "நிலம் வாங்கிய பத்திரம்" என்பார். பிரித்துப் படித்தால் அது கிரய உடன்படிக்கையாக இருக்கும். நிலத்தை விற்பதற்கான வாக்குறுதி அது, விற்பனையாகாது. இவ்வேறுபாட்டை அறியாமையால் ஒரு நெசவாளர் பட்ட துன்பத்தை நேரில் கண்டபடியால், அதனையே வைத்துக் கொண்டு இவ்விஷயத்தை விளக்க முற்படுகிறோம்.

அவர் சொந்தத் தறி வைத்திருப்பவர். வீட்டில் இடம் போதாமையால், ஊருக்கு வெளியே 40 சென்ட் புன்செய் நிலத்தை, சென்ட் 15,000 ரூபாய் வீதம் 6,00,000 ரூபாய்க்கு விலை பேசினார். 2014 ஜூன் 10-ஆம் தேதி 20 ரூபாய் முத்திரைத் தாளில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அன்று கொடுத்த முன்பணம் 1,00,000 ரூபாய். பாக்கியை 11 மாதத்திற்குள் செலுத்திக் கிரயம் செய்து கொள்ள வேண்டியது என்பது ஏற்பாடு. (இந்த 11 மாதக் கணக்கு வாடகைச் சீட்டுகளிலிருந்து பத்திரம் எழுதுவோர் பழக்கத்தால் வந்து ஒட்டிக் கொண்டது, நிலக் கிரயத்தில் அதற்குத் தனிப் பொருள் ஏதுமில்லை.) 2015 பிப்ரவரிக்குள் மேலும் 3,00,000 ரூபாய் கொடுத்து, ஒவ்வொரு தவணையையும் உடன்படிக்கையின் பின்புறத்தில் எழுதி வாங்கினார். நிலத்தின் சுவாதீனமும் அவர் கைக்கு வந்தது. தகரக் கூரையிட்டுத் தறிக் கொட்டகை ஒன்றும் எழுப்பினார். மீதி 2,00,000 ரூபாயைப் பெற்றுக் கொண்டு கிரயம் செய்து தரும்படி கேட்டபோதெல்லாம், "அறுவடை முடியட்டும்", "மகள் கல்யாணம் முடியட்டும்" என்று நிலக்காரர் தவணை சொல்லி வந்தார். 2017-இல் அவர் காலமானார். 2019-இல் நெசவாளர் மேலும் இரு தறிகள் வாங்கச் சங்கத்தில் கடன் கேட்டு வந்தார். வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்தபோது, காலமானவரின் வாரிசுகள் சில வாரங்களுக்கு முன்னரே அந்த 40 சென்ட்டையும் பக்கத்து நிலத்து விவசாயிக்குக் கிரயம் செய்து பதிவு செய்திருந்தது தெரிய வந்தது.

"விலையில் பெரும்பகுதி கொடுத்துவிட்டேன், நிலம் என் கையில் இருக்கிறது, கொட்டகையும் என்னுடையது, எனக்குச் சொந்தமில்லாமல் வேறு யாருக்குச் சொந்தம்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நூல் சிப்பம் வாங்குவதிலும் பருத்தி விற்பதிலும் பழகியவர்களுக்கு இவ்வெண்ணம் எழுவது இயல்பு. கடையில் இன்ன சிப்பம் என்று தனியே எடுத்து வைத்து, விலையும் பேசி முடித்துவிட்டால், வேறு ஏற்பாடு இல்லாதவரை அப்போதே அது வாங்கியவருடையதாகிவிடுகிறது. பணம் அடுத்த வாரம் கொடுப்பதாயினும் சரியே. சரக்கு விற்பனைச் சட்டம் அவ்வாறு அனுமதிக்கிறது. நிலத்திற்கோ வேறு சட்டம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 54-ஆவது பிரிவு, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம், வீடு முதலியவற்றின் விற்பனை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தினால் மட்டுமே நடைபெற இயலும் என்கிறது. இன்று 100 ரூபாய்க்குள் கிடைக்கும் நிலம் எங்கும் இல்லையாதலால், எல்லா நிலத்திற்கும் இதுவே விதி. அதே பிரிவு, விற்பதற்கான உடன்படிக்கை தன்னளவில் அந்தச் சொத்தில் எவ்வித பாத்தியதையையும் உண்டாக்காது என்றும் தெளிவாகக் கூறுகிறது. ஆகவே நம் நெசவாளருக்கு நிலத்தில் உடைமை இல்லை. உடைமை இல்லாதவர் அதனை ஈடு வைக்கவும் இயலாது. சங்கம் அவருடைய மனுவை ஏற்க இயலாமற் போனதற்குக் காரணம் இதுவே.

இரண்டு ஆவணங்களையும் பிரித்தறிவது கடினமன்று. தலைப்பைப் பார்ப்பதைவிட வாசகத்தைப் பார்க்க வேண்டும். சாசனத்தில், விலையைப் பெற்றுக் கொண்டு இன்று கிரயம் செய்து கொடுத்திருப்பதாகவும், இது முதல் வாங்குபவரே புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது என்றும் காரியம் முடிந்துவிட்டதாக எழுதியிருக்கும். உடன்படிக்கையிலோ, பாக்கியைச் செலுத்தி இன்ன தேதிக்குள் கிரயம் "செய்து கொள்ள வேண்டியது" என்று காரியம் இனி நடக்க வேண்டியதாக இருக்கும். முத்திரைத் தாளின் மதிப்பும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். சாசனத்திற்கு நிலமதிப்பில் நூற்றுக்கு இத்தனை என்று முத்திரைத் தீர்வை உண்டு. 20 ரூபாய்த் தாளில் 6,00,000 ரூபாய் நிலம் ஒருநாளும் கைமாறாது.

அப்படியானால் உடன்படிக்கை வெறுங் காகிதந்தானா? அல்ல. அது நிலத்தைத் தராவிடினும், நிலத்தைத் தரும்படி எதிரியைக் கட்டாயப்படுத்தும் உரிமையைத் தருகிறது. விற்பவர் மறுத்தால், நீதிமன்றத்தில் வழக்கிட்டு, சாசனம் எழுதிக் கொடுக்கும்படி தீர்ப்புப் பெறலாம். விற்பவர் இறந்துவிட்டால் வாரிசுகளும் கட்டுப்பட்டவர்களே. உடன்படிக்கையை அறிந்தே பின்னர் வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தும். உடன்படிக்கை பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் அது காணப்படும். பின்னால் வாங்குபவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழியில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் நிலக் கிரய உடன்படிக்கைகளையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டுமென்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. நம் நெசவாளரின் உடன்படிக்கை அதற்குப் பின் எழுதப்பட்டும் பதிவாகவில்லை. பதிவாகாத உடன்படிக்கையைக் கூட, சாசனம் எழுதித் தரக் கோரும் வழக்கில் மட்டும் சான்றாகக் காட்டப் பதிவுச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு இடமளிக்கிறது. எனினும் அவருக்கு வேறொரு கதவு அடைபட்டுப் போயிற்று.

அக்கதவு காலவரை. உடன்படிக்கையில் தேதி குறித்திருந்தால் அத்தேதியிலிருந்தும், குறிக்காதிருந்தால் விற்பவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்தும் 3 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். இங்கே 11 மாதம் 2015 மே 10-இல் முடிந்தது. வழக்கிடும் உரிமை 2018 மே 10-இல் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் கெடுவை நீட்டித்து ஒரு வரி எழுதி வாங்கவுமில்லை; பாக்கியோடு ஆயத்தமாயிருப்பதாக அறிவிப்பு ஒன்று அனுப்பவுமில்லை. இந்த ஆயத்தத்தை நீதிமன்றம் கட்டாயம் கேட்கும். பாக்கிப் பணம் தம்மிடம் இருந்தது அல்லது திரட்டத்தக்கதாயிருந்தது என்று வாங்குபவர் காட்டியாக வேண்டும். இறந்தவரின் வாய்ச்சொல்லை நம்பியதில் குற்றம் காண நாம் விரும்பவில்லை. ஆயினும் காலவரைக்கு வாய்ச்சொல் தெரியாது.

சுவாதீனத்தைப் பற்றியும் ஒரு சொல். உடன்படிக்கைப்படி நிலத்தைப் பெற்று, தம் கடமையை நிறைவேற்றியோ நிறைவேற்ற ஆயத்தமாகவோ இருப்பவரை, விற்றவர் வெளியேற்ற முடியாதென்று சொத்து மாற்றச் சட்டம் 53-அ பிரிவு காக்கிறது. அது கேடயம் மட்டுமே. அதைக் கொண்டு உடைமை கோர முடியாது. அந்தக் கேடயமும் 2001 செப்டம்பருக்குப் பின் எழுதிய உடன்படிக்கைகளில் பதிவு செய்தவற்றுக்கே உண்டு. பதிவுக்குச் சில ஆயிரம் செலவாகுமே என்று 2014-இல் மிச்சம் பிடித்தது, இந்தப் பாதுகாப்பையும் சேர்த்து இழக்கச் செய்தது.

இனி, உடைமை எந்தக் கணத்தில் மாறுகிறது என்பதைப் பார்ப்போம். சாசனம் எழுதிக் கையொப்பமிட்டால் மட்டும் போதாது, பதிவாக வேண்டும். ஆனால் பதிவு ஆகிவிட்டால், சாசனத்தின் பலன் பதிவு செய்த நாளிலிருந்தன்றி, கையொப்பமிட்ட நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பது பதிவுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. ஓர் உதாரணம்: 4-ஆம் தேதி ஒருவருக்குச் சாசனம் எழுதிக் கொடுத்து, அது ஏதோ காரணத்தால் 20-ஆம் தேதி பதிவாகிறது. நடுவே 10-ஆம் தேதி அதே நிலத்தை விற்பவர் வேறொருவருக்கு எழுதி அன்றே பதிவும் செய்து விடுகிறார். பதிவில் இரண்டாமவர் முந்தினாலும் நிலம் முதலாமவருக்கே. கையொப்பமிட்ட நாளிலிருந்து 4 மாதத்திற்குள் சாசனத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டுமென்பது விதி. தக்க காரணமிருப்பின் அபராதத்துடன் மேலும் 4 மாதம் அனுமதிக்கப்படலாம். பட்டா மாறுவது இதற்கெல்லாம் பின்னர் வரும் வருவாய்த்துறைக் காரியம். பட்டாவினால் உடைமை பிறப்பதில்லை.

விற்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விலை முழுவதும் வந்து சேராவிட்டாலும் உடைமை மாறிவிடக்கூடும். "கொடுத்த அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்ட விலைக்கு" உடைமையை மாற்றுவதே விற்பனை என்று 54-ஆவது பிரிவு வரையறுக்கிறது. விலை முழுவதும் பெற்றுக் கொண்டதாகச் சாசனத்தில் எழுதிப் பதிவும் செய்து கொடுத்துவிட்டு, "மீதியை நாளைக்குத் தருகிறேன்" என்ற சொல்லை நம்பி வீடு திரும்புபவர் பெரும்பாலும் நிலத்தை இழந்தவரே. அவருக்கு எஞ்சுவது பாக்கிப் பணத்தின் மட்டில் அந்நிலத்தின்மேல் ஒரு பொறுப்பு. அதை வழக்கிட்டு வசூலிக்கலாமே ஒழிய, விற்பனை இல்லையென்று சொல்ல முடியாது. எனினும் பணம் கைக்கு வரும்போதே உடைமை மாறவேண்டும் என்பது இருவர் கருத்தாகவும் இருந்தால், பணம் வரும்வரை உடைமை மாறாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 2009-இல் உச்ச நீதிமன்றம் இதனை விளக்கியுள்ளது. அக்கருத்தை முதலில் சாசன வாசகத்திலும், அது தெளிவாயில்லாவிடில் சுற்றுச் சூழ்நிலையிலும் தேடுவார்கள். ஆகவே பாக்கியிருப்பின், இவ்வளவு பாக்கி, இன்ன தேதியில் செலுத்தப்படும், அதன் பிறகே உடைமை மாறும் என்று சாசனத்திலேயே எழுதுவிப்பது தக்கது.

நம் நெசவாளருக்கு வருவோம். அவரை ஒரு வழக்குரைஞரிடம் அனுப்பினோம். சாசனம் கோரும் வழக்கு காலங்கடந்ததாயினும், கொடுத்த முன்பணம் 4,00,000 ரூபாய்க்கு நிலத்தின்மேல் வாங்குபவருக்குப் பொறுப்பு உண்டென்பது 55-ஆவது பிரிவு என்றும், நிலத்தின் பொறுப்பை வலியுறுத்தும் வழக்குக்குக் காலவரை 12 ஆண்டு என்றும் அவர் எடுத்துக் காட்டினார். பக்கத்து நிலத்து விவசாயியோ தறிக் கொட்டகையை நாள்தோறும் கண்டவர். நிலத்தில் ஒருவர் இருப்பதே அவருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க வேண்டிய அறிவிப்பாகச் சட்டம் கொள்கிறது. அறிவிப்பு போன பின், விவசாயியும் வாரிசுகளும் பேச்சுக்கு வந்தார்கள். கொட்டகை நிற்கும் 6 சென்ட்டை விவசாயி நெசவாளர் பெயருக்கு எழுதிக் கொடுப்பது, அதன் விலை போக மீதி முன்பணத்தை வாரிசுகள் இரு தவணையில் திருப்பித் தருவது என்று முடிவாயிற்று.

இம்முறை சாசனம் எழுதிய அன்றே சார்பதிவாளர் முன் தாக்கலாயிற்று. பதிவான சாசனத்தின் நகலும், புதிய வில்லங்கச் சான்றும் இணைத்து அவர் கொடுத்த இரண்டாவது மனுவைச் சங்கம் ஏற்றுக் கொண்டது. கடன் தொகை, 40 சென்ட் ஈட்டுக்கு அவர் முதலில் எதிர்பார்த்ததில் ஒரு சிறு பகுதியே. இரண்டு தறிக்குப் பதிலாக ஒன்றுதான் வாங்க முடிந்தது.