வெக்கை அறையில் கேமிங் பிசி

மே மாதச் சென்னையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் பொழுது சாய்ந்த பிறகும் சுவர் அனலைக் கக்கிக்கொண்டே இருக்கும். அறைக்குள் 34 டிகிரி இருக்கும். அங்கே கேமிங் பிசி வைத்திருப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஃபேன் எதையும் குளிர வைப்பதில்லை என்பதுதான். அது காற்றை நகர்த்துகிறது, அவ்வளவே. கேபினெட்டில் எத்தனை ஃபேன் மாட்டினாலும் உள்ளிருக்கும் எந்தப் பாகமும் அந்த 34 டிகிரிக்குக் கீழே இறங்காது. அறையின் சூட்டுக்கு மேல் பாகங்கள் எவ்வளவு ஏறுகின்றன என்பது மட்டுமே நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

அந்த ஏற்றத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். நடுத்தரமான கேமிங் பிசி ஒன்று விளையாட்டின்போது சுமார் 350 வாட் மின்சாரம் எடுக்கும். எடுத்தது முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டைச் சுமந்து செல்லும் காற்று 10 டிகிரி மட்டும் ஏறினால் போதும் என்று வைத்துக்கொண்டால், கேபினெட் வழியாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 65 கன அடி காற்று ஓட வேண்டும். அதில் பாதிதான் ஓடுகிறது என்றால் ஏற்றம் 20 டிகிரி. அதாவது கிராபிக்ஸ் கார்டு மூச்சிழுப்பது 34 டிகிரிக் காற்றை அல்ல, 50 டிகிரியைத் தொடும் காற்றை. 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றின் அட்டைப்பெட்டியில் 50, 60 கன அடி என்று போட்டிருப்பார்கள். அது எதிரே தடையே இல்லாதபோது கிடைக்கும் அளவு. முன்னால் வலை, தூசி ஃபில்டர், கண்ணாடி என்று வரிசையாக நின்றால் அதில் பாதி தேறுவதே கடினம்.

என் அக்கா மகனின் பிசிக்கு நடந்தது இதுதான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதன் பின்னால் வண்ண வண்ணமாக ஒளிரும் மூன்று ஃபேன்கள், மேலே இரண்டு, பின்னால் ஒன்று. ஆறு ஃபேன் இருந்தும் விளையாட ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் கிராபிக்ஸ் கார்டு 84 டிகிரியில் போய் நிற்கும். அந்த எல்லையைத் தொட்டதும் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திரையில் ஓட்டம் தடுமாறுவதை வைத்துத்தான் அவன் கண்டுபிடித்தான். "மாமா, இன்னும் ரெண்டு ஃபேன் வாங்கிப் போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டான்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, செலவே கிடையாது. HWiNFO64 போன்ற மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே விளையாட்டை ஒரே காட்சியில் இருபது நிமிடம் ஓட விட்டு, வெப்பம் எங்கே நிலைகொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி அதையே செய்யுங்கள். ஒன்றிரண்டு டிகிரிதான் குறைகிறது என்றால் கேபினெட் நன்றாகவே மூச்சு விடுகிறது, குறை அறையில் இருக்கிறது. ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினெட்டுக்கு மூச்சு முட்டுகிறது. அவனுடையது 84லிருந்து 76க்கு வந்தது. எட்டு டிகிரி! கேபினெட்டுக்குள்ளேயே காற்று தேங்கிக் கிடந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஏன் தேங்கியது? மேலும் பின்னும் உள்ள மூன்று ஃபேன்கள் காற்றைத் தடையில்லாமல் வெளியே தள்ளின. முன்னால் உள்ள மூன்றும் கண்ணாடியின் ஓரச் சந்து வழியாக அரைகுறையாகவே இழுத்தன. உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகமாகும்போது கேபினெட்டுக்குள் காற்றழுத்தம் குறைகிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட, கிடைத்த ஓட்டையெல்லாம் வழியாகக் காற்று உள்ளே நுழையும். அதில் பெரும்பகுதி பின்புறம் கார்டுகள் சொருகும் இடத்திலுள்ள இடுக்குகள் வழியாக வந்தது. பின் ஃபேன் சற்றுமுன் வெளியேற்றிய சூடான காற்றேதான் சுவரில் மோதித் திரும்பி அங்கே நுழைந்தது. அந்த இடுக்குகளில் ஃபில்டர் எதுவும் இல்லாததால் தூசியும் கூடவே வந்து, கார்டின் ஹீட் சிங்கில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது.

இதைக் கண்ணால் பார்க்க மெல்லிய டிஷ்யூ பேப்பர்க் கீற்று ஒன்று போதும். ஃபேன்கள் ஓடும்போது பின்பக்க இடுக்கின் அருகே பிடியுங்கள். கீற்று உள்நோக்கி ஒட்டிக்கொண்டால் உள்ளே அழுத்தம் குறைவு. வெளியே படபடத்தால் அழுத்தம் அதிகம், நமக்கு வேண்டியது அதுதான். ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. புகைப்பிசுக்கு உள்ளே படியும் என்பதால் நான் அதைச் சொல்வதில்லை.

புதிதாக ஃபேன் எதுவும் வாங்கவில்லை. முன்பக்கக் கண்ணாடியை எடுத்துவிட்டு, அதே கேபினெட்டுக்குத் தனியாகக் கிடைத்த வலை முகப்பை மாட்டினோம். மேலே இருந்த இரண்டு ஃபேன்களில் முன்புறமாக இருந்ததைக் கழற்றி, அந்த இடத்தை அட்டை வைத்து மூடினோம். அது வேண்டாத ஃபேன். முன்னால் நுழையும் புதுக் காற்று பிராசஸரைச் சென்றடையும் முன்பே, பாதி வழியில் அதை மேலே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இப்போது முன்னால் மூன்று உள்ளே இழுக்கின்றன, மேலே பின்மூலையில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு வெளியேற்றுகின்றன. ஃபில்டர் கொஞ்சம் தடுத்தாலும் உள்வரவு சற்றுக் கூடுதலாகவே நிற்கிறது. மாட்டும்போது பக்கம் பார்த்து மாட்ட வேண்டும். சாதாரண ஃபேனில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். இறக்கையைத் திருப்பி வைத்துச் செய்த ஃபேன்களில் இது மாறும். சந்தேகம் வந்தால் டிஷ்யூ கீற்றே சொல்லிவிடும். கேபினெட்டைச் சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளியும் வைத்தோம். கதவு மூடியபடியே கார்டு 77 டிகிரியில் நின்றது. திறந்து வைத்தாலும் 76தான் என்பதால், கேபினெட்டிடம் இனிக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

புழுக்கத்தைப் பற்றிப் பலருக்கும் இருக்கும் பயம் வேறு. காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் ஃபேனின் வேலை கெடாது. வியர்வை உலராமல் தவிப்பது நாம்தான், ஹீட் சிங்குக்கு வியர்ப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பிசியின் பாகங்கள் அறையைவிடச் சூடாகவே இருப்பதால் அவற்றில் நீர் படியாது. ஆபத்து, அணைத்து வைத்த பிசிக்கு. 34 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 25 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அதில் நீராகப் படியும். இரவெல்லாம் ஏசியை 22ல் ஓட விட்டு, காலையில் ஜன்னல்களைத் திறந்தால் கேபினெட்டின் தகடும் உள்ளே இருக்கும் உலோகமும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மங்குவதும் இதனால்தான். அப்படித் திறந்துவிட்டால், ஒரு மணி நேரம் கழித்து பிசியைப் போடுங்கள்.

ஈரம் செய்யும் இன்னொரு வேலை, தூசியைப் பிசுபிசுப்பாக்குவது. வறண்ட தூசி ஊதினால் பறக்கும், இது கம்பளி போல ஃபில்டரில் படிந்துவிடும். கடற்கரைப் பக்கம் உப்பும் சேரும். மாதம் ஒருமுறையாவது முன் ஃபில்டரைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அடைத்துப்போனால் உள்வரவு குறைந்து, அழுத்தம் பழையபடி தலைகீழாகிவிடும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலரை அந்த அறைக்குள் கொண்டுவர வேண்டாம். ஏற்கனவே ஈரமான காற்றை அதனால் அதிகம் குளிர வைக்க முடியாது, ஈரத்தைத்தான் இன்னும் கூட்டும்.

மிச்சம் இருப்பது அறை. 350 வாட் சூட்டை மூடிய சிறிய அறைக்குள் விட்டுக்கொண்டே இருந்தால் 34 என்பது 36 ஆகும், உள்ளே உள்ள எல்லாமே கூடவே இரண்டு டிகிரி ஏறும். ஏசி இல்லாதவர்கள், வெளியே வெயில் தணிந்ததும் ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு அந்தச் சூட்டை வெளியேற்றலாம். சூட்டைப் பிறக்குமிடத்திலேயே குறைக்கவும் வழி உண்டு. MSI Afterburner மென்பொருளில் Power Limit என்ற கோட்டை 100லிருந்து 80க்கு இறக்கினோம். அவனுடைய 200 வாட் கார்டு 160 வாட்டில் ஓடியது. வேகத்தில் இழந்தது விளையாடும்போது அவனுக்கே தெரியாத அளவு. வெப்பம் இன்னும் ஐந்தாறு டிகிரி இறங்கியது, ஃபேன் இரைச்சலும் அடங்கியது.