வீட்டுப் பெரியவரை வீடியோ மருத்துவ ஆலோசனைக்குத் தயார் செய்வது எப்படி?

கோயம்புத்தூர் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் மகனோ மகளோ ஒருநாள் கம்பெனிக்கு லீவு போட வேண்டும். வயதானவருக்கு பஸ் பயணமே பாதி நோயாகிவிடும். இதனால் தொடர் சிகிச்சைக்கு வீடியோவில் ஆலோசனை பெறும் குடும்பங்கள் நம் பகுதியில் இருக்கின்றன. தனியார் மருத்துவமனைகள் தவிர, மத்திய அரசின் eSanjeevani சேவையிலும் கட்டணமின்றி டாக்டரிடம் பேசலாம்.

ஆனால் வீடியோவில் டாக்டரால் தொட்டுப் பார்க்க முடியாது. ஸ்டெதாஸ்கோப் வைக்க முடியாது, வீக்கத்தை அமுக்க முடியாது. அவர் கை செய்யும் வேலையை வீட்டார்தான் செய்து கொடுக்க வேண்டும். அதற்கான தயாரிப்பை முந்தைய நாளே செய்துவிட்டால், பேசக் கிடைக்கும் பத்து நிமிடம் வீணாகாது.

முந்தைய நாள் ஒரு சோதனை அழைப்பு

மறுநாள் பேசப்போகும் அதே போனில், அதே இடத்தில், அதே நேரத்தில் ஓர் உறவினருக்கு வீடியோ கால் போடுங்கள். அதே நேரம் என்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்து வீட்டு ஓவர்லாக் மெஷின் எப்போது ஓடும், வாசல் வெளிச்சம் எங்கிருந்து விழும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை நண்பகலையும் தவிர்த்து நேரம் கேட்டு வாங்குங்கள்.

ஒலிக்கு ஒரு எளிய சோதனை போதும். உறவினர் ஒரு வாக்கியம் சொல்லட்டும், பெரியவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். "கேக்குதா?" என்று மட்டும் கேட்டால் பல பெரியவர்கள் தலையாட்டிவிடுவார்கள். திருப்பிச் சொல்லத் தடுமாறினால் வயருள்ள இயர்போனை மாட்டிப் பாருங்கள். மகனின் புளூடூத் ஹெட்செட் பக்கத்து அறையில் ஆன் ஆகியிருந்தால் சத்தம் அதற்குப் போய்விடும், அதை அணைத்து வையுங்கள். ஒரே அறையில் இரண்டு போனில் ஒரே அழைப்பில் சேர்ந்தால் கீச்சென்று எதிரொலி வரும், ஒன்று போதும். போன் Camera, Microphone அனுமதி கேட்டால் Allow கொடுங்கள்.

கேமராவுக்கு முதலில் லென்ஸைத் துடையுங்கள், சமையல் கை பட்ட எண்ணெய்ப் படலம் படத்தை மங்கலாக்கிவிடும். பெரியவர் ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் இருண்டுவிடும். போனைக் கையில் பிடிக்காமல், முக உயரத்தில் எதிலாவது சாய்த்து வையுங்கள். பிறகு ஒரு மாத்திரை அட்டையைக் கேமராவில் காட்டி, அதிலுள்ள பெயரை உறவினரைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியாவிட்டால் சற்றுத் தள்ளி, ஆடாமல் பிடியுங்கள்.

மாதாந்திர மின் பராமரிப்பு நாளில் வைஃபை நின்றுவிடும். எனவே மொபைல் டேட்டாவும் முழு சார்ஜும் இருக்கட்டும்.

போன் யார் கையில்?

eSanjeevani-இல் நுழைய, பதிவு செய்த எண்ணுக்கு OTP வரும். அந்த எண் மகனுடையதாக இருந்து, அவர் போனோடு ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் யாராலும் உள்ளே போக முடியாது. வீட்டில் இருப்பவரின் எண்ணைப் பதியுங்கள். நோயாளி விவரத்தில் பெரியவரின் பெயரையும் வயதையுமே கொடுங்கள், மருந்துச் சீட்டு அந்தப் பெயரில்தான் வரும். OTP-ஐத் திரையில் மட்டும் இடுங்கள், போனில் கேட்பவர் யாருக்கும் சொல்லாதீர்கள்.

டாக்டர் முன் என்ன இருக்க வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 72 வயது அம்மா. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இரண்டு வாரமாகக் கால் வீங்குகிறது. மருமகள் உடன் இருந்து பேசப்போகிறார்.

டாக்டர் இப்படிக் கேட்பார்: ஒரு காலா, இரண்டு காலுமா? படுத்தால் மூச்சு வாங்குகிறதா, தலையணை கூட்டி வைக்கிறாரா? எடை கூடியதா? சிறுநீர் குறைந்ததா? இவற்றுக்கான பதிலை முந்தைய நாளே அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். பின் கேமராவால் இரு கால்களையும் சேர்த்துக் காட்டி, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் சில நொடி அமுக்கி எடுங்கள். குழி விழுந்து நிற்கிறதா என்பதை டாக்டர் பார்ப்பார்.

அடுத்தது மாத்திரைகள். பெயர் எழுதிய தாள் போதாது, சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு தட்டில் வையுங்கள். கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் அந்தத் தட்டில் வர வேண்டும். ஏனென்றால், அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டினால் சிலருக்குக் கால் வீங்கும். சில வலி மாத்திரைகளும் உடலில் நீரைத் தேக்கி, அழுத்தத்தைக் கூட்டி, சிறுநீரகத்தைப் பாதிக்கும். "முட்டி வலிக்குத்தானே" என்று அம்மா சொல்லாமல் விடும் அந்த ஓர் அட்டையே வீக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் டாக்டர் சொல்லாமல் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். விட்டுப்போன வேளைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது அளவுகள். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து அமரட்டும். அதற்கு முந்தைய அரை மணியில் டீ வேண்டாம். பட்டையை வெறும் கையில், நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துத் தேதி, நேரத்துடன் எழுதுங்கள். ஒரு வார அளவுகள் இருந்தால் நல்லது. சர்க்கரை அளவோடு சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதையும் எழுதுங்கள். விரலில் ஆக்சிஜன் கருவி மாட்டினால் நகத்தில் மருதாணியோ பாலிஷோ இல்லாத விரலைத் தேர்ந்தெடுங்கள், அவற்றால் அளவு தவறாகக் காட்டலாம்.

ரிப்போர்ட்டுகளை அனுப்பும் முறை

பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் அனுப்ப வேண்டாம். இந்த அம்மாவுக்கு, கடைசி சர்க்கரை (HbA1c), கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை, ஈசிஜி, கடைசி மருந்துச் சீட்டு ஆகியவை முதலில் போதும். ஒப்பிட ஆறு மாதத்துக்கு முந்தைய கிரியேட்டினின் இருந்தால் சேருங்கள். பெயர், தேதி, அருகிலுள்ள சரியான அளவு எல்லாம் தெரியும்படி, தாளைத் தட்டையாக வைத்து, பகல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். லேப் வாட்ஸ்அப்பில் அனுப்பிய PDF இருந்தால் அதுவே சிறந்தது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கும், Document ஆக அனுப்புங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் தேதியிட்டுப் பெயர் வையுங்கள். அசல் தாள்கள் அம்மாவின் கையருகே இருக்கட்டும்.

பேசும்போது

முதலில் அம்மாவே பேசட்டும், மருமகள் விட்டதைச் சேர்க்கட்டும். சிறுநீர் போன்றவற்றை மகன் முன் பேச வெட்கப்பட்டால் மகன் சிறிது வெளியே போகலாம். பெண் டாக்டர் வேண்டுமானால் நேரம் வாங்கும்போதே கேளுங்கள். கையும் காலும் எளிதாகக் காட்டத்தக்க தளர்ந்த உடை அணிந்திருக்கட்டும்.

இறுதியில் மருந்தின் பெயர், வேளை, எத்தனை நாள், அடுத்து எப்போது பேசுவது என்பதை மருமகள் டாக்டரிடம் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். மருந்துச் சீட்டில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 2020 மார்ச்சில் வெளியான மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் அதைக் கேட்கின்றன. அதே நெறிகள் சில மருந்துகளை வீடியோவில் எழுத இடம் தருவதில்லை, சில தூக்க மாத்திரைகளும் அதில் சேரும். டாக்டர் "நேரில் வாருங்கள்" என்றால் அதை மறுப்பாக எண்ண வேண்டாம்.

வீடியோவுக்குக் காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், முகம் ஒருபக்கம் கோணுதல், கைகால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், மயக்கம், திடீர்க் குழப்பம் ஆகியவற்றுக்கு 108-ஐ அழையுங்கள். கால் வீக்கத்திலும் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், அல்லது படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால், நேரம் வாங்கிய வீடியோவுக்காகக் காத்திராமல் அன்றே நேரில் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.