பொறியாளரின் முதல் பத்தி

கைலாசபுரம் பெல் குடியிருப்பில் கொதிகலனும் டிரம்மும் ஹெட்டரும் வீட்டுப் பேச்சு. 1960களில் திருவெறும்பூரில் ஆலை வந்தபின் துவாக்குடி வரை ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. அவற்றில் ஒன்றில் தரக் கட்டுப்பாடு பார்க்கும் ஒரு பொறியாளர் நிதித் துறைக்கு மாற எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தியில் என்ன எழுதுவார்?

பெரும்பாலும் இப்படி: "சிறு வயது முதலே எனக்கு எண்கள் மீது ஆர்வம். நிதிதான் தொழிலின் உயிர்நாடி." இதை யாரும் எழுதலாம், பல் மருத்துவர்கூட எழுதலாம். தேர்வுக் குழு தேட நினைப்பது வேறு: இரும்பு அடிப்பவருக்குப் பணத்தின் கேள்வி எப்படி வந்தது?

அந்தக் கேள்வி அவர் மேசையிலேயே கிடக்கிறது. பட்டறை 40 லட்ச ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி (2006), ஒப்பந்தம் என்ன சொன்னாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஆனால் வாங்குபவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், அதைத் தீர்க்கும் நாளில்தான் ஏற்பு. ஒரு வெல்டிங் சோதனைச் சான்றிதழ் விடுபட்டிருந்தால் போதும். பணம் 120ஆம் நாள் வந்தால், கூடுதல் 75 நாளுக்கு 12 சதவீத வங்கி வட்டி ஏறத்தாழ 98,600 ரூபாய். அந்த வேலையில் 6 சதவீதம், அதாவது 2.4 லட்சம் லாபம் என்றால், ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும்.

இனி பத்தி இப்படி மாறும்: "நான் தாமதமாக அனுப்பிய ஒரு சோதனைச் சான்றிதழ், என் பட்டறையின் லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றதைக் கணக்குப் புத்தகத்தில் கண்டேன். ஆவணங்களை வரிசைப்படுத்தி அடுத்த சரக்கில் அந்த இழப்பைக் குறைத்தேன். ஆனால் வங்கி எங்கள் பில்லை எப்படி மதிப்பிடுகிறது என்பது எனக்குப் புரியவில்லை. அதைக் கற்கவே வருகிறேன்."

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் முக்கியம் என்பேன். 'நிதி' என்ற கடலில் அவர் செயல்பாட்டு மூலதனக் கடன் என்ற ஒரு துறைமுகத்தைக் காட்டிவிட்டார். பங்குச் சந்தையோ நிறுவன இணைப்போ அங்கு வராது, வரவும் கூடாது.

ஆபத்தும் உண்டு. வாடிக்கையாளர் பெயரை எழுதக் கூடாது. அது நிறுவன ரகசியம். எண்களை மிகைப்படுத்திச் சொன்னால் நேர்காணலில் ஒரே கேள்வியில் உடையும்: வட்டியை எந்த நாளிலிருந்து கணக்கிட்டீர்கள்? விவரம் தெரிந்த பேராசிரியர் இன்னொன்றும் கேட்பார்: "பில்லை ட்ரெட்ஸ் தளத்தில் ஏற்றியிருக்கலாமே?" வாங்குபவர் அங்கு பில்லை ஏற்றுக்கொண்ட பிறகுதான் நிதி நிறுவனங்கள் ஏலம் கேட்கும், சான்றிதழ் தொங்கும்வரை அந்த வழியும் அடைபட்டிருக்கும் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அதற்கும் அடுத்த கேள்வி கடினமானது: சான்றிதழைச் சரியான நேரத்தில் அனுப்பினால் பிரச்சினை தீர்ந்ததே, பிறகு எம்.பி.ஏ. எதற்கு? அதற்கான பதிலை முதல் பத்தியில் திணிக்காமல் இரண்டாம் பத்திக்கு விடலாம்.