எட்டு மணிச் சந்தையும் எட்டு மணி நேர வேலையும்

எம்.சி.எக்ஸ் கமாடிட்டி சந்தை காலை 9 மணிக்கே திறந்துவிடுகிறது. ஆனால் கச்சா எண்ணெயில் டிரேடிங் செய்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், பகலில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது என்பார்கள். மதியம் லண்டன் விழித்ததும் கொஞ்சம் அசைவு தெரியும். விலை உண்மையிலேயே ஓட ஆரம்பிப்பது சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு மேல்தான். நம் ஊர் கச்சா எண்ணெய் கான்ட்ராக்ட், நியூயார்க்கில் விற்கும் டபிள்யூ.டி.ஐ எண்ணெயின் விலையையும் டாலர் மதிப்பையும் ஒட்டியே நகர்கிறது. நியூயார்க்காரர் அலுவலகத்துக்கு வந்து உட்காரும்போது இங்கே விளக்கு வைத்தாகிவிடும்.

சம்பளக்காரர்களுக்கு இது கண்ணில் படுகிற பெரிய கவர்ச்சி. பங்குச் சந்தை மூன்றரைக்கு மூடிவிடும், அதற்குள் மேனேஜருக்குத் தெரியாமல் போனைப் பார்க்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்காரலாம். வேலை நேரத்தோடு மோதல் இல்லை என்பது சரிதான். மோதல் தூக்கத்தோடு வருகிறது. ஆகவே இந்தச் சந்தைக்குத் திட்டம் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சார்ட்டை அல்ல, கடிகாரத்தை.

நமக்குக் கடிகாரம் வருடம் முழுக்க ஒன்றுதான். அமெரிக்காவிலோ மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் நியூயார்க் பங்குச் சந்தை கோடையில் நமக்கு இரவு 7 மணிக்கும், குளிர்காலத்தில் 8 மணிக்கும் திறக்கிறது. எம்.சி.எக்ஸும் அதற்கேற்ப இரவு 11.30 அல்லது 11.55 மணிக்கு மூடும். கச்சா எண்ணெய்க்கு வாரத்தின் முக்கியமான செய்தி, அமெரிக்க எரிசக்தித் தகவல் முகமையான இ.ஐ.ஏ வெளியிடும் கையிருப்புக் கணக்கு. புதன்கிழமை அங்கே காலை 10.30, நமக்குக் கோடையில் இரவு 8, குளிர்காலத்தில் 9. அங்கே வார முதலில் விடுமுறை வந்தால் இது தள்ளிப்போகும்.

இந்த நேரங்களைக் காகிதத்தில் எழுதி வைத்ததும் இன்னொன்றும் தெரியவரும். சில பெரிய நிகழ்வுகள் நம் சந்தை மூடிய பிறகுதான் நடக்கின்றன. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி முடிவு அங்கே பகல் 2 மணிக்கு வருகிறது. நமக்கு அது கோடையில் சரியாக இரவு 11.30, எம்.சி.எக்ஸ் ஷட்டரை இறக்கும் நேரம். குளிர்காலத்தில் 12.30, மூடி அரை மணிக்கு மேல் ஆகிவிட்டிருக்கும். நியூயார்க்கில் எண்ணெயின் அன்றைய முடிவு விலை தீர்மானமாவதும் நமக்கு நள்ளிரவு அல்லது ஒரு மணிக்குத்தான். எனவே பொசிஷனை ராத்திரி தாண்டிக் கொண்டுபோனால், நீங்கள் விழித்திருந்தாலும் எதுவும் செய்ய முடியாத நேரத்தில் விலை நகரும். மறுநாள் காலை 9 மணிக்கு, நீங்கள் பஸ்ஸிலோ மீட்டிங்கிலோ இருக்கும்போது, ஒரே தாவலாகத் தாவி எங்கோ திறக்கும்.

இதற்கு உச்சகட்ட உதாரணம் 2020 ஏப்ரல் 20. கொரோனா ஊரடங்கால் எம்.சி.எக்ஸ் அப்போது மாலை 5 மணிக்கே மூடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதக் கச்சா எண்ணெய் கான்ட்ராக்டுக்கு அன்றுதான் கடைசி நாள். மாலை மூடும்போது பீப்பாய் விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே. அன்றிரவு நியூயார்க்கில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போய், மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த விலையை வைத்தே இங்கும் கணக்கு முடிக்கப்பட்டது: பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய். ஒரு லாட் என்பது 100 பீப்பாய். வாங்கி வைத்திருந்தவருக்கு, மாலை விலையிலிருந்து பார்த்தால், ஒரு லாட்டுக்குக் கிட்டத்தட்ட நான்கு லட்சம் போயிற்று. மாலை ஐந்துக்குப் பிறகு விற்றுவிட்டு வெளியேற யாருக்கும் வழியிருக்கவில்லை. அப்படி ஒரு நாள் மீண்டும் வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் பகலில் வேலை பார்க்கிறவருக்கு என் முதல் விதி இதுதான்: அன்று எடுத்ததை அன்றே முடிக்க வேண்டும்.

இனி ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். காலை 5.45-க்கு எழ வேண்டும், கம்பெனி பஸ் ஏழுக்கு. மாலை ஆறரைக்கு வீடு. கமாடிட்டிக்கென்று ஒதுக்கிய பணம் ஒரு லட்சம். அவருக்கு ஆறேமுக்கால் மணி நேரத் தூக்கம் தேவை என்றால் 11 மணிக்குப் படுத்திருக்க வேண்டும். சந்தையை மூடியதும் தூக்கம் வராது, மனசு அடங்க அரை மணியாவது பிடிக்கும். ஆக, கடைசிப் பொசிஷன் 10.30-க்குள் முடிந்திருக்க வேண்டும். எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணியே அவருடைய சந்தை நேரம் கிடைக்கிறது: கோடையில் 8.15 முதல் 10.30 வரை. ஏழு மணித் திறப்பை அவர் விட்டுவிடுகிறார். சாப்பாட்டுத் தட்டோடு சந்தை பார்ப்பதில் எனக்கும் உடன்பாடில்லை.

அவர் பெரிய லாட்டைத் தொடுவதில்லை. 10 பீப்பாய் கொண்ட கச்சா எண்ணெய் மினிதான். ஒரு டிரேடில் 500 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார், முதலீட்டில் அரை சதவிகிதம். புதன்கிழமை இரவு 8 மணிக்குக் கையிருப்புக் கணக்கு வருகிறது. முதல் கால் மணி நேரம் அவர் வேடிக்கைதான் பார்க்கிறார். அந்த 15 நிமிடக் கேண்டிலின் உச்சம் 5,842, அடி 5,798 என்று வைத்துக்கொள்வோம். 5,845-க்கு மேலே போனால் வாங்குவது, 5,795-ல் ஸ்டாப்லாஸ். இடைவெளி 50 ரூபாய், பத்துப் பீப்பாய்க்கு 500. டார்கெட் 5,945. இதே டிரேடைப் பெரிய லாட்டில் செய்திருந்தால் ஸ்டாப்லாஸ் அடித்தால் 5,000 போகும். ஒரே ராத்திரியில் முதலீட்டில் இருபதில் ஒரு பங்கு போன பிறகு யாரும் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதில்லை, விட்டதைப் பிடிக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

8.40-க்கு விலை 5,845-ஐத் தொட்டு அவர் உள்ளே போகிறார். 9.30-க்கு 5,890 வரை ஏறி, பிறகு சோர்கிறது. 10.30-க்கு விலை 5,872. ஸ்டாப்லாஸும் அடிக்கவில்லை, டார்கெட்டும் வரவில்லை. அவர் விற்றுவிடுகிறார். 27 ரூபாய், பத்துப் பீப்பாய்க்கு 270. ஆர்டருக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ், ஜி.எஸ்.டி., கமாடிட்டி பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்துச் சுமார் 60 போக, கையில் 210. சின்னத் தொகைதான். பதினொன்றே காலுக்கு அது 5,945-ஐத் தொட்டிருக்கலாம், மறுநாள் சார்ட்டைப் பார்த்தால் வயிறு எரியும். அதற்காக 10.30-ஐ 11.15 ஆக்கினால், சந்தை மூடும் முன் புரோக்கரே பொசிஷனை முடித்துவிடும் நேரத்தோடு மோத வேண்டியிருக்கும். அதற்குப் பல புரோக்கர்கள் தனிக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

ஸ்டாப்லாஸ் போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறோம். அந்த ஆர்டரில் இரண்டு விலைகள் உண்டு: எந்த விலையில் அது விழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று, எந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்பது இன்னொன்று. 5,795-ல் விழித்து 5,790 வரை விற்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். செய்தி வந்த வேகத்தில் விலை 5,800-லிருந்து நேராக 5,780-க்குத் தாவுகிறது. ஆர்டர் விழித்துக்கொள்ளும், ஆனால் 5,790-ல் வாங்க ஆள் இல்லாமல் அப்படியே நிற்கும். விலை இன்னும் இறங்கும். நீங்கள் வெளியே வந்துவிட்டதாக நினைத்துப் பல் தேய்க்கப் போயிருப்பீர்கள். ஆர்டர் பக்கத்தைத் திறந்தால் தெரியும்: TRIGGER PENDING என்றிருந்தது OPEN என்று மாறியிருக்கும், COMPLETE ஆகியிருக்காது, பொசிஷன் பக்கத்தில் எண்ணிக்கை பூஜ்யமாகியிருக்காது. இரண்டு விலைக்கும் நடுவே 15, 20 ரூபாய் இடம் விடுவது இதற்காகத்தான். செய்தி வரும் நிமிடத்தில் பொசிஷனே இல்லாமலிருப்பது அதைவிட நல்லது.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. தூக்கக் கலக்கத்தில் அதிகம் நடப்பது அதுதான். 10.30-க்குக் கையால் விற்றுவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள். ஸ்டாப்லாஸ் ஆர்டர் அப்படியே கிடக்கிறது. பதினோரு மணிக்கு விலை 5,795-க்கு இறங்கினால் அது விழித்துக்கொண்டு, இல்லாத சரக்கை விற்றுவிடும். நீங்கள் கேட்காத ஒரு புதிய பொசிஷன், ஸ்டாப்லாஸ் இல்லாமல். படுக்கப்போகும் முன் பொசிஷன் பூஜ்யம், காத்திருக்கும் ஆர்டர் பூஜ்யம் என்று இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

நவம்பர் வந்ததும் ஓசூர்க்காரர் கணக்கு மாறும். கையிருப்புக் கணக்கு 9 மணிக்கு வரும், பார்த்துவிட்டு உள்ளே போக 9.15 ஆகும், 10.30-க்கு வெளியே வர வேண்டும். மிஞ்சுவது ஒன்றேகால் மணி நேரம். 50 ரூபாய் ஸ்டாப்லாஸுக்கு 100 ரூபாய் டார்கெட் அதற்குள் வருமா என்பது சந்தேகமே. எனக்குத் தெரிந்த நல்ல வழி, குளிர்கால மாதங்களில் புதன்கிழமையை விட்டுவிட்டு மற்ற நாட்களில் 8.15 முதல் 10.30 வரை பார்ப்பது. சிலர் அந்த நான்கு மாதமும் டிரேட் செய்வதே இல்லை.

மாநில, மத்திய அரசு ஊழியர்கள் இதில் இறங்கும் முன் தங்கள் நடத்தை விதிகளைப் படித்துவிட வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு விதிகளின்படி, அடிக்கடி வாங்கி விற்பதே சூதாட்ட வணிகமாகக் கருதப்படும், அது கூடாது. தனியார் ஊழியர்களுக்கு வேறொரு வேலை: இந்த லாப நஷ்டம் வணிக வருமானம், சம்பளத்துக்கான எளிய படிவம் போதாது, ஐ.டி.ஆர்-3 தாக்கல் செய்ய வேண்டும்.

பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் பணம் இழந்ததாக செபி கணக்கெடுத்துச் சொன்னது. அது கமாடிட்டி கணக்கல்ல. ஆனால் இங்கே நிலைமை வேறு என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை. எனவே நோட்டில் ஒவ்வொரு டிரேடுக்கும் பக்கத்தில் உள்ளே போன மணியை எழுதுங்கள், லாபத்தை எழுதுவதைவிட அது முக்கியம். ராத்திரி எழுத வேண்டாம், மறுநாள் பஸ்ஸில் எழுதலாம். ஐம்பது, அறுபது டிரேட் சேர்ந்ததும் ஒன்பது மணிக்கு முன் எடுத்தவை, பத்துக்கு மேல் எடுத்தவை என்று தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். பத்துக்கு மேல் எடுத்தவற்றின் கூட்டுத்தொகை மைனஸில் இருந்தால், ஸ்டாப்லாஸையோ டார்கெட்டையோ மாற்ற வேண்டியதில்லை, பத்து மணிக்குப் பிறகு புதிதாக எதிலும் நுழையாமல் இருந்தால் போதும்.