உப்புசத்துக்கு என்சைம் மாத்திரையா, ஊறவைத்த நீரைக் கொட்டுவதா?

சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னால், பெரும்பாலும் ஒரு என்சைம் சிரப்போ மாத்திரையோ கைக்கு வந்துவிடும். இப்போது அதனுடன் ‘ப்ரீபயாடிக்’ பொடியும் சேர்ந்துகொண்டது. சில டப்பாக்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் வாயு விஷயத்தில் இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. என்சைம், குடல் கிருமிகளுக்குப் போய்ச்சேரும் தீனியைக் குறைக்க முயல்கிறது. ப்ரீபயாடிக், அதே கிருமிகளுக்குத் தீனி போடுகிறது.

நாம் உண்ணும் மாவுச்சத்தும் சர்க்கரையும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உடைந்து ரத்தத்தில் கலந்துவிடும். உடைபடாமல் தப்பும் சில சர்க்கரைகள் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்கும்போது ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன் ஆகியவை உண்டாகின்றன. பருப்பிலும் பயறிலும் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃப்ரக்டான், பாலில் உள்ள லாக்டோஸ் ஆகியவைதான் நம் சமையலறையில் முக்கியமானவை. எந்தச் சர்க்கரை தப்புகிறதோ, அதை உடைக்கும் என்சைம் மட்டுமே பலன் தரும். மற்றவை வீண்.

சாதாரணமாக விற்கும் சிரப்களில் இருப்பவை டயஸ்டேஸும், பெப்சினும் அல்லது பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பெய்னும்தான். டயஸ்டேஸ் மாவுச்சத்தை உடைக்கும். மற்ற இரண்டும் புரதத்தை உடைக்கும். இரண்டு வேலைக்கும் நம் உடலிலேயே என்சைம் தாராளமாக இருக்கிறது. கணையத்தின் என்சைம் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன பிறகுதான் கொழுப்பு செரிக்காமல் வெளியேறத் தொடங்கும். அப்படிக் கணையம் பழுதானவர்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் கணைய என்சைம் இன்றியமையாதது. எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலமும் எடை இழப்பும் கணையப் பழுதின் அடையாளங்கள். கணையம் நன்றாக இருந்து, சுண்டலால் வயிறு உப்புகிறவருக்கு டயஸ்டேஸால் ஆவது ஒன்றுமில்லை. ராஃபினோஸை அது தொடுவதே இல்லை.

உண்மையில் உப்புசத்துக்கு வேலைசெய்யும் என்சைம்கள் இரண்டு. ஒன்று லாக்டேஸ். குழந்தைப் பருவம் முடிந்ததும் தென்னிந்தியர்களில் பெரும்பாலோருக்கு இது குறைந்துவிடுகிறது. மற்றொன்று ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ். பருப்புச் சர்க்கரைகளை உடைக்கும் இந்த என்சைம் மனிதக் குடலில் எந்த வயதிலும் சுரப்பதில்லை. அதனால்தான் பயறு எல்லோருக்குமே கொஞ்சம் வாயுவைத் தருகிறது. இரண்டு மாத்திரைகளுக்கும் ஒரே நிபந்தனை உண்டு: உணவோடு கலந்தால்தான் வேலை நடக்கும். முதல் கவளத்தோடு சாப்பிட வேண்டும். வயிறு உப்பிய பிறகு போட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். லேபிளில் மில்லிகிராம் மட்டும் இருந்தால் என்சைமின் வலிமை தெரியாது. யூனிட் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். லாக்டேஸ் என்றால் வழக்கமாக ஒரு வேளைக்கு 3,000 முதல் 9,000 யூனிட்.

ப்ரீபயாடிக் பொடிகளில் அதிகம் காணப்படுவது இன்யூலின். பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து எடுக்கிறார்கள், ஃபில்டர் காபித்தூளில் கலக்கும் அதே சிக்கரிதான். வேதியியலில் இன்யூலினும் ஒரு ஃப்ரக்டான். வெங்காயத்தில் இருக்கும் வகையறா. வெங்காயம் ஒத்துக்கொள்ளாமல் உப்புகிறவர் அதையே கரண்டிக் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. நல்ல பாக்டீரியா வளர்கிறது என்பது உண்மை. வாயு கூடுகிறது என்பதும் உண்மை. மெதுவாகப் புளிக்கும் நார்களும் இருக்கின்றன. கொத்தவரை விதையிலிருந்து எடுத்து நீராற்பகுத்த பிசின், எரிச்சல் குடல் நோயாளிகளிடம் நாளுக்கு 6 கிராம் அளவில் சோதிக்கப்பட்டபோது உப்புசம் ஓரளவு குறைந்தது. மலச்சிக்கலால் உப்புகிறவர்களுக்கு இசப்கோல் பொருத்தமானது. அது அதிகம் புளிப்பதில்லை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நாற்பது வயதுள்ள ஒரு பெண். காலையும் மாலையும் காபி, மதியம் சாம்பார் சாதம், மாலையில் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு ஒன்பது மணிக்குப் புடவைக்கட்டு இறுகும் அளவுக்கு வயிறு உப்புகிறது. சாப்பிட்ட பின் என்சைம் சிரப் குடிக்கிறார். ஒரு மாதமாக இன்யூலின் பொடியும் சேர்ந்திருக்கிறது. அதன் பிறகு உப்புசம் அதிகம்.

அவர் முதலில் செய்ய வேண்டியது பொடியையும் சிரப்பையும் ஒரு வாரம் நிறுத்துவது. பிறகு நேரத்தைக் கவனிக்க வேண்டும். பாலால் வரும் தொல்லை பெரும்பாலும் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் தெரியும். பயறுச் சர்க்கரை பெருங்குடலை எட்டப் பல மணி நேரம் ஆகும். காபியில் சேரும் 60 மில்லி பாலில் லாக்டோஸ் ஏறக்குறைய 3 கிராம். லாக்டேஸ் குறைந்தவர்களும் பெரும்பாலும் ஒரே தடவையில் 12 கிராம் வரை தாங்குவார்கள். ஆகவே காபியைக் குற்றவாளி ஆக்க முகாந்திரம் குறைவு. சந்தேகம் தீராவிட்டால் இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தால் போதும். மாலைச் சுண்டலும் இரவு உப்புசமும்தான் கணக்கில் பொருந்துகின்றன.

இங்கே மாத்திரையைவிட அடுக்களை நன்றாக வேலைசெய்யும். ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை. கொண்டைக்கடலையைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, வெந்த நீரையும் வடித்துவிட வேண்டும். வடித்த நீரோடு கொஞ்சம் பி வைட்டமின் போகத்தான் செய்யும்; உப்புசம் வாட்டுகிறவருக்கு அது ஏற்கத்தக்க விலை. முளைகட்டினால் சர்க்கரை இன்னும் குறையும், ஏனெனில் முளை தன் வளர்ச்சிக்கு முதலில் செலவழிப்பது அதைத்தான். கிண்ணம் அரைக் கிண்ணமாகட்டும். சாம்பாரில் பருப்பு கரைந்துவிடுவதால் வெந்த நீரை வடிக்க முடியாது. துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து நீரை மாற்றலாம். பூண்டைப் பொறுத்தவரை, ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உறையின் பாக்டீரியாவே லாக்டோஸை உடைக்கும் என்சைமைக் கொண்டுவருகிறது.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்து குறைந்தால், மாத்திரைக்கு இடம் வெளியூர்ச் சாப்பாட்டிலும் கல்யாணப் பந்தியிலும் மட்டும்தான். அங்கே ஊறவைத்த நீரைக் கொட்டினார்களா என்று கேட்க முடியாது. ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் மாத்திரை ஒன்றை முதல் கவளத்தோடு போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை நோய்க்கு அகார்போஸ் சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும். உணவை மாற்றியும் குறையவில்லை என்றால் பருப்பு, வெங்காயம், கோதுமை எல்லாவற்றையும் நிரந்தரமாக ஒதுக்கிப் பட்டினி கிடப்பது தவறு. குறைத்த ஒவ்வொன்றையும் திரும்பச் சேர்த்துப் பார்த்து, தொல்லை தருவதை மட்டும் குறைக்க வேண்டும்.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக உப்புசம் தொடங்கி, மாதத்தில் பல நாள் நீடித்தால், சிரப் வாங்கிக் காத்திருக்காதீர்கள். சினைப்பைப் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கக்கூடும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவை. எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, ரத்தசோகை இருந்தாலோ, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தாலோ, எந்த வயதினரும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.