எண்ணெய்ச் சட்டி வைக்காமல் மொறுமொறு இறக்கை

கறிக்கடையில் இதைக் கேட்கும்போதெல்லாம் கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். "இறக்கை மட்டும் ஒரு கிலோ குடுங்கண்ணே, தோலோட." "தோலோடயாம்மா? எல்லாரும் உரிச்சுக் குடுன்னுதான கேப்பாங்க?" தோல்தான் வேண்டும். நான் சொல்லப்போகும் சமையல் முழுக்க அந்தத் தோலைப் பற்றியதுதான். தோல் உரித்த இறக்கையை என்ன செய்தாலும் அது மொறுமொறுப்பாகாது, காய்ந்துதான் போகும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஆங்கர் பார் என்ற உணவகத்தில் 1964-ல் தெரசா பெல்லிசிமோ என்பவர் கோழி இறக்கைகளைப் பொரித்து, வெண்ணெய் கலந்த மிளகாய்ச் சாஸில் புரட்டிப் பரிமாறினார். அதுவரை சூப்புக்குப் போய்க்கொண்டிருந்த இறக்கைக்கு அதன்பின் தனி மவுசு வந்துவிட்டது. அங்கே அது பொரித்த பண்டம். அதே மொறுமொறுப்பு வீட்டு அவனில் வருமா என்று அமெரிக்கச் சமையல் எழுத்தாளர்கள் பலர் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜே. கென்ஜி லோபஸ்-ஆல்ட் பேக்கிங் பவுடரும் உப்பும் தடவி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் உலர்த்தி, நல்ல சூட்டில் சுடச் சொன்னார். அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் குழுவினர் முதலில் குறைந்த சூடு, பிறகு கூடிய சூடு என்று இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் நான் செய்கிறேன்.

பொரிக்கும்போது கொதிக்கும் எண்ணெய் தோலை எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. சட்டியில் சடசடவென்று குமிழி கிளம்புவது தோலில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதால்தான். சில நிமிடங்களில் தோல் வற்றி மொறுமொறுத்துவிடும். அவனில் எண்ணெயின் வேலையைச் சூடான காற்று செய்ய வேண்டும். காற்று எண்ணெய் அளவுக்கு வேகமாகச் சூட்டைக் கடத்தாது. தோலில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதும் கடினம். ஆனால் நன்றாகச் சிவந்து வறுத்த மணம் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இந்த நிறமாற்றத்தை பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீய் மயார் 1912-ல் விளக்கியதால் அது அவர் பெயரால் வழங்குகிறது. ஆகவே ஈரத்தை எவ்வளவு முன்கூட்டியே வெளியேற்றுகிறோமோ, அவ்வளவுக்கு அவனின் வேலை குறையும்.

நம் வீட்டுப் பழக்கம் இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. கோழி என்றால் மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் கழுவி, தயிர், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு சேர்த்து ஊறவைப்போம். குழம்புக்கும் தந்தூரிக்கும் அது சரி. இதற்கு ஆகாது. தயிரும் விழுதும் தோலை நனைத்துவிடும். தயிரிலும் எலுமிச்சையிலும் உள்ள புளிப்பு, நாம் தூவப்போகும் பேக்கிங் பவுடரின் வேலையையே கெடுத்துவிடும். மசாலா எல்லாம் சுட்ட பிறகுதான்.

ஒரு கிலோ இறக்கையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் மூட்டில் வெட்டினால் மூன்று துண்டு வரும்: குட்டிக் கால்போல் ஒன்று, இரட்டை எலும்புள்ள நடுத்துண்டு ஒன்று, சதையில்லாத நுனி ஒன்று. நுனியை சூப்புக்கு எடுத்து வைத்துவிடுங்கள். மற்ற இரண்டையும் கழுவித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் தண்ணீர் சிதறாமல் மெதுவாகக் கழுவி, வடிகட்டி, பழைய டிஷ்யூ பேப்பர் முழுதும் நனைந்தால் புதிது எடுத்து, ஒவ்வொரு துண்டாக ஒற்றி எடுங்கள். மூட்டு மடிப்பில் தண்ணீர் ஒளிந்திருக்கும். அதை விரித்துத் துடைக்க வேண்டும். விரலால் தொட்டால் தோல் வழுக்கக் கூடாது, லேசாக ஒட்ட வேண்டும்.

பிறகு இரண்டரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு. இரண்டையும் முதலில் தனியாகக் கலந்து, துண்டுகளின் மேல் பரவலாகத் தூவிப் புரட்டுங்கள். மாவு பூசியதுபோல் தெரியக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு மெல்லிய படலம் போதும்.

பேக்கிங் பவுடரில் சமையல் சோடாவோடு அதை நிதானப்படுத்தும் ஓர் அமில உப்பும் கொஞ்சம் ஸ்டார்ச்சும் இருக்கும். தோலில் அது லேசான காரத்தன்மையை உண்டாக்குகிறது. மிளகாயின் காரத்தைச் சொல்லவில்லை. புளிப்புக்கு நேரெதிரான காரத்தைச் சொல்கிறேன். அது தோலின் புரதத்தைச் சற்றே உடைத்து, சீக்கிரம் சிவக்கவும் மொறுமொறுக்கவும் வைக்கிறது. ஈரத்தோடு சேர்ந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்புவதால் தோலின் மேற்பரப்பு சொரசொரப்பாகி, காய்வதற்கு இடமும் கூடுகிறது. உப்பு உள்ளீரத்தை மேலே இழுக்கிறது. ஸ்டார்ச் அந்த ஈரத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்கிறது.

பேக்கிங் பவுடரும் ஆப்ப சோடாவும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை டப்பாவில் பவுடர் தீர்ந்துபோய், "ரெண்டும் சோடாதானே" என்று அதே அளவு ஆப்ப சோடாவைப் போட்டேன். நிறம் பிரமாதமாக வந்தது, வழக்கத்தைவிடக் கருஞ்சிவப்பாக. வாயில் வைத்தால் சோப்பு நக்கியதுபோல் ஒரு கசப்பு. ஒரு கிலோவையும் கொட்ட வேண்டியதாயிற்று. ஆப்ப சோடாவில் அமில உப்பு கிடையாது. அதன் வேகம் பல மடங்கு. பேக்கிங் பவுடரிலும்கூட அலுமினியம் சேர்ந்த வகை சிலருக்கு நாக்கில் உலோகச் சுவை காட்டும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, அது இல்லாததாக வாங்குவது நல்லது.

நேரம் இருந்தால் இந்தத் துண்டுகளை ட்ரே மேல் ஒரு கம்பி வலை வைத்து, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மூடாமல் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். பச்சைக் கறி என்பதால் கீழ்த்தட்டில், கீரை காய்கறி எதன் மேலும் சொட்டாத இடத்தில் இருக்கட்டும். பனிக்கட்டி படியாத வகை ஃபிரிட்ஜில் குளிர்காற்று சுற்றிக்கொண்டே இருப்பதால் நன்றாகக் காயும். பனி படியும் பழைய வகையில் ஈரம் அவ்வளவு போகாது. காலையில் தோல் இறுகி, அங்கங்கே கண்ணாடிபோல் தெரிந்தால் சரியாகக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே நாளில் செய்ய வேண்டுமென்றாலும் செய்யலாம். துடைப்பதில் மட்டும் சோம்பல் கூடாது.

இனி அவன். முதல் கட்டம் 120 டிகிரி, 30 நிமிடம், நடுத்தட்டுக்குக் கீழே. ட்ரேயில் அலுமினியத் தாள் விரித்து, அதன்மேல் கம்பி வலையில் இறக்கைகள். வலை இல்லாமல் ட்ரேயிலேயே வைத்தால் அடிப்பக்கம் தன் கொழுப்பிலும் சாற்றிலும் வெந்து கொழகொழத்துவிடும்.

"எதுக்கு இந்த அரை மணி நேரம்? நேரா 220 வெச்சா சீக்கிரம் முடியுமே" என்று என் தங்கை கேட்டாள். கோழித் தோலுக்குக் கீழே கொழுப்பு ஒரு படலமாக இருக்கிறது. எடுத்த எடுப்பில் சூட்டைக் கூட்டினால், கொழுப்பு உருகி வெளியேறுவதற்குள் மேல்தோல் சிவந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். கடித்தால் உள்ளே ரப்பர்போல் இழுபடும். மெல்லிய சூட்டில் அந்தக் கொழுப்பு நிதானமாக உருகிச் சொட்டும். தோலின் வலுவான இழைகளும் தளரத் தொடங்கும். கொழுப்பின் ஒரு பகுதி முன்பே வடிந்துவிடுவதால், பிறகு சூடு கூடும்போது புகையும் குறைவு.

இந்த அரை மணி நேரம் முடிந்து கதவைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். வெளிறி, சுருங்கி, லேசாக எண்ணெய் பூசியதுபோல் கிடக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ட்ரேயில் உருகிய கொழுப்பு சொட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாம் கட்டம் 220 டிகிரி. வலையை ஒரு தட்டு மேலே ஏற்றி, 40 முதல் 50 நிமிடம், பாதியில் ட்ரேயைத் திருப்பி வைத்து. நம் வீடுகளில் உள்ள சின்ன ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி இறக்கைக்கு மிகப் பக்கத்தில் இருக்கும். அதனால் நடுத்தட்டிலேயே விட்டுவிட்டு, 30 நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். ஒரு கிலோவும் ஒரே தடவையில் கொள்ளாது என்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவி மற்றதை நனைத்து, கடைசியில் வேகவைத்த இறக்கைதான் கிடைக்கும்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தைவிடக் காது நன்றாகச் சொல்லும். ஆரம்பத்தில் தோலில் கொழுப்பு நுரைத்துச் சீறிக்கொண்டிருக்கும். அந்தச் சீற்றம் அடங்கி, தோலெங்கும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழுந்து, இடுக்கியால் தட்டினால் அப்பளத்தைத் தட்டியதுபோல் ஒரு காய்ந்த ஓசை வரும். அதுதான் பதம். நிறம் வந்து ஓசை வரவில்லை என்றால் கம்பி பக்கத்தில் இருக்கிறது. ஒரு தட்டு இறக்கி இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். கறி வெந்ததா என்ற கவலை பெரும்பாலும் வேண்டாம். கோழிக்கு 74 டிகிரி போதும். இவ்வளவு நேரத்தில் இறக்கை அதைத் தாண்டிவிடும். மூட்டுகளில் பசைச் சதை அதிகம் என்பதால் கூடுதல் சூடு அதை மிருதுவாக்குமே தவிரக் கெடுக்காது.

வெளியே எடுத்ததும் நேராகக் கிண்ணத்தில் குவிக்காமல் வலையிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள். அதற்குள் அடுப்பில் இரண்டு தேக்கரண்டி வெண்ணெயை உருக்கி, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, மிளகாய்த்தூள், இடித்த மிளகு போட்டு ஒரு புரட்டு. மிளகாயையும் பூண்டையும் முதலிலேயே தடவியிருந்தால் 220 டிகிரியில் கருகிக் கசந்திருக்கும். இறக்கையை அதில் போட்டுக் குலுக்கி உடனே பரிமாறிவிட வேண்டும்.

பொரித்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இதன் மொறுமொறுப்பு மெல்லியது, கண்ணாடித்தாள்போல். மாவில் தோய்த்துப் பொரித்த கனமான ஓடு வேண்டும் என்பவருக்கு இது போதாது. சாஸ் பட்டபின் கால் மணி நேரத்தில் தளரத் தொடங்கும். அதனால் விருந்தினர் வரத் தாமதமானால் நான் வெண்ணெயில் புரட்டாமல் வெறுமனே வைத்திருப்பேன். அவர்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் 200 டிகிரியில் எட்டு நிமிடம் காட்டினால் பழையபடி ஓசை திரும்பிவிடும்.