ஒதுங்கி நிற்கும் ஆர்கான் செய்யும் வேலை

ஆர்கான் எதனோடும் சேராத வாயு. ஆனால் அம்மோனியா ஆலைகளில் அதை வெளியேற்றவே ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய் வழியே ஆர்கானோடு சேர்ந்து, காசு கொடுத்துத் தயாரித்த ஹைட்ரஜனும் போகும். வினையில் கலந்துகொள்ளாத ஒரு வாயுவை விரட்ட ஏன் இவ்வளவு செலவு?

உர ஆலைகளில் நடக்கும் வினை பள்ளிப் பாடத்தில் படித்ததுதான்: N₂ + 3H₂ ⇌ 2NH₃. ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் ஆகின்றன. சேரும்போது வெப்பம் வெளிவருகிறது. உருவான அம்மோனியாவில் ஒரு பகுதி அதே சூட்டில் மறுபடி பிரியவும் செய்கிறது. சேரும் வேகமும் பிரியும் வேகமும் ஒன்றாகும் இடம்தான் சமநிலை. அதன் பிறகு கலவையில் அம்மோனியாவின் பங்கு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இந்தச் சமநிலையை அசைத்தால் அது எந்தப் பக்கம் நகரும் என்பதற்கு விதி சொன்னவர் பிரான்ஸின் ஹென்றி லீ சாட்லியர். ஆண்டு 1884. கொடுத்த மாற்றத்தைக் குறைக்கும் பக்கமாகச் சமநிலை நகரும் என்பது அவர் கூற்று. 1901-இல் அவரே நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அழுத்திப் பார்த்தார். கருவிக்குள் காற்று கலந்திருந்ததால் வெடித்தது, அவரும் அந்த முயற்சியைக் கைவிட்டார். 1909-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் அதைச் செய்து காட்டினார். விதி தெரிந்தவருக்குக் கிடைக்காத வெற்றி, சமநிலையை அளந்து எண்களாகக் கையில் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாமும் எண்களோடு பார்ப்போம். ஒரு பங்கு நைட்ரஜன், மூன்று பங்கு ஹைட்ரஜன் கொண்ட கலவை 400 டிகிரி செல்சியஸில், 100 வளிமண்டல அழுத்தத்தில் சமநிலைக்கு வந்தால் அதில் சுமார் 25 சதவீதம் அம்மோனியா இருக்கும். சூட்டை மாற்றாமல் அழுத்தத்தை 300 ஆக்கினால் அது 47 சதவீதமாகிறது. நான்கு மூலக்கூறுகள் இரண்டாகச் சுருங்கும் வினை இது. அழுத்தினால் இடம் குறைவாகப் பிடிக்கும் பக்கமே சாயும்.

சூடு எதிர்த்திசையில் இழுக்கிறது. அதே 100 வளிமண்டல அழுத்தத்தில் 300 டிகிரியில் 52 சதவீதம், 400-இல் 25, 500-இல் வெறும் 10.6. வெளியிலிருந்து சூடு ஏற்றினால், சூட்டை உள்ளிழுக்கும் வினை, அதாவது அம்மோனியா பிரிவது, முந்திக்கொள்கிறது. அப்படியானால் 200 டிகிரியில் ஓட்டலாமே என்று கேட்கலாம். சமநிலைக் கணக்கு 81 சதவீதம் என்று ஆசை காட்டும். ஆனால் அந்தச் சூட்டில் இரும்பு வினையூக்கிக்கு வேகமே இருக்காது. எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சமநிலை சொல்லும், எப்போது கிடைக்கும் என்பதைச் சொல்லாது. அதனால்தான் ஆலைகள் 400 முதல் 500 டிகிரிக்குள் நிற்கின்றன.

இனி ஆர்கானுக்கு வருவோம். ‘சமநிலையில் உள்ள கலவைக்குள் ஆர்கானைச் செலுத்தினால் என்ன ஆகும்?’ என்று கேட்டால், லீ சாட்லியரை மனப்பாடம் செய்த மாணவர் உடனே பதில் சொல்வார்: ‘அழுத்தம் கூடுகிறது, ஆகவே அம்மோனியா கூடும்.’ தவறு. கேள்வியே இன்னும் முழுமையாகவில்லை. கலன் இறுகிய இரும்புக் கலனா, அல்லது அழுத்தம் மாறாதபடி விரியக்கூடியதா என்று முதலில் கேட்க வேண்டும்.

விதியைவிட இங்கே ஒரு சின்னக் கணக்கு நம்பகமானது. நம் கலவையின் 100 வளிமண்டல அழுத்தத்தில் அம்மோனியாவின் பங்கு 25.1, நைட்ரஜனுடையது 18.7, ஹைட்ரஜனுடையது 56.2. இவற்றைப் பகுதி அழுத்தங்கள் என்பார்கள். அம்மோனியா அழுத்தத்தின் வர்க்கத்தை எடுத்து, நைட்ரஜன் அழுத்தத்தையும் ஹைட்ரஜன் அழுத்தத்தின் முப்படியையும் பெருக்கிவந்த தொகையால் வகுத்தால் சுமார் 0.00019 வரும். 400 டிகிரிக்கு இதுவே சமநிலை மாறிலி. சூடு மாறினால் ஒழிய இது மாறாது.

இறுகிய கலனில் 10 வளிமண்டல அளவு ஆர்கானைச் செலுத்துங்கள். மொத்த அழுத்தம் 110 ஆகும். ஆனால் மற்ற மூன்று வாயுக்களும் அதே இடத்தில் அதே அளவில்தான் இருக்கின்றன. அவற்றின் பகுதி அழுத்தங்களில் எதுவும் மாறவில்லை, வகுத்த விகிதமும் மாறவில்லை. அழுத்தமானி ஏறியது, சமநிலை அசையவில்லை.

இப்போது கலன் விரியட்டும், மொத்த அழுத்தம் 100-லேயே நிற்கட்டும், அதில் 10 ஆர்கானுடையது. மற்ற மூன்றும் பத்தில் ஒன்பதாகக் குறையும்: 22.6, 16.8, 50.6. மறுபடி வகுத்தால் 0.00023. மாறிலியைவிட அதிகம். அதைக் கீழே கொண்டுவர ஒரே வழி, அம்மோனியா கொஞ்சம் பிரிவது. பிரிந்து நிலைக்கும்போது அதன் பங்கு ஏறக்குறைய 21.2 சதவீதம். 25.1-இலிருந்து 22.6-க்கு வந்தது வெறும் நீர்த்தல். அதற்குக் கீழே இறங்கியதுதான் சமநிலையின் நகர்வு. ஆர்கான் யாரையும் தொடவில்லை, இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. (மிக உயர்ந்த அழுத்தங்களில் வாயுக்கள் இலட்சிய வாயுக்களாக நடப்பதில்லை. அங்கே இந்த எளிய கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும்.)

ஆலை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அங்கே நைட்ரஜன் காற்றிலிருந்து வருகிறது, காற்றில் 0.93 சதவீதம் ஆர்கான். ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, அதில் பிரியாத மீத்தேன் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். இங்கே அதுவும் மந்த வாயுதான். வினைக்கலனை விட்டு வெளிவரும் வாயுவைக் குளிரவைத்து அம்மோனியாவைத் திரவமாக எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆர்கானும் மீத்தேனும் பெரும்பாலும் திரவத்தோடு போவதில்லை. கொதிக்கும் பாத்திரத்தில் உப்பு தங்குவதுபோல், சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும்.

சுற்றின் அழுத்தம் மெல்ல ஏறும்போது ஆலைக்காரர்களுக்குச் சந்தேகம் வரும். வினையூக்கி கெட்டிருந்தாலும் இப்படித்தான் ஏறும். அதனால் வாயுப் பகுப்பாய்வியைப் பார்ப்பார்கள். மந்த வாயுவின் பங்கு கூடியிருந்தால் வெளியேற்று வால்வை இன்னும் திறப்பார்கள், வழக்கமான அளவிலேயே இருந்தால் வினையூக்கியைத்தான் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு திறப்பது என்பது பேரம். புதிதாக வரும் 100 பங்கு வாயுவில் 1 பங்கு மந்த வாயு என்று வைத்துக்கொள்வோம். சுற்றில் அதை 10 சதவீதத்தில் நிறுத்த 10 பங்கு வாயுவை வெளியே விட வேண்டும், அதில் 9 பங்கு நல்ல வாயு. 20 சதவீதம் வரை பொறுத்துக்கொண்டால் 5 பங்கு விட்டால் போதும், 4 பங்குதான் நட்டம். ஆனால் வினைக்கலனில் கிடைக்கும் அம்மோனியா இன்னும் இறங்கும்.

அதனால் வெளியேற்றும் வாயுவைப் பல ஆலைகள் அப்படியே எரித்துவிடுவதில்லை. மெல்லிய சவ்வு வழியாகவோ கடுங்குளிரிலோ ஹைட்ரஜனைப் பிரித்துச் சுற்றுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். கடுங்குளிர் முறையில் ஆர்கானையும் தனியே எடுக்கலாம். சில ஆலைகள் அப்படி எடுத்து, உலோகப் பற்றவைப்புக்குச் சிலிண்டரில் அடைத்து விற்கவும் செய்கின்றன.